பச்சிளம் குழந்தையின் மூச்சுச் சத்தமும் தும்மலும்: உங்கள் வீட்டில் எப்படி இருந்தது?

புது அம்மா: பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கேள்வி-பதில் தாள் கொடுத்தார்கள். அடிக்கடி தும்மினால்? இயல்புதான். மூக்கடைப்பு? பெரும்பாலும் இயல்புதான். என் மகள் பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. இரவில் படுக்க வைத்ததும் மூக்கில் கர்புர் என்று சத்தம். சளி ஒன்றும் வெளியே வரவில்லை. சில நேரம் மூச்சு நின்றதுபோல் இருந்து, அப்புறம் வேகமாக இழுக்கிறாள். எதுவரை இயல்பு என்று நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இரட்டையர் அப்பா: எங்கள் இருவரும் ஒரு நாளைக்கு எத்தனை முறை தும்முவார்கள் என்று எண்ணவே முடியாது. சளி பிடித்ததாக ஒருநாளும் ஆகவில்லை. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு விட்டு, ரப்பர் பல்பால் உறிஞ்சி எடுப்போம். சத்தம் அடங்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யலாம், ஒன்றும் ஆகாது.

வார்டு செவிலியர்: சொட்டு மருந்து சரி, திரும்பத் திரும்ப உறிஞ்சுவது சரியில்லை. பச்சிளம் குழந்தையின் மூக்குத் துவாரம் மிகவும் குறுகலானது. அடிக்கடி உறிஞ்சினால் உட்புறம் வீங்கும். சளியே இல்லாமல் மூக்கு அடைக்கும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் உறிஞ்சுகிற பெற்றோரை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். பால் கொடுப்பதற்குச் சற்று முன் துவாரத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுங்கள். பல நேரம் தும்மலே மீதியைத் தள்ளிவிடும். குழந்தை வாயைவிட மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால், தூசி, பால் துளி, காய்ந்த சளி எல்லாவற்றையும் தும்மித்தான் வெளியேற்றும். பெரியவர்களுக்கான மூக்கடைப்புச் சொட்டு மருந்தோ, தைலமோ, எண்ணெயோ வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

புது அம்மா, நீங்கள் மூன்றைப் பாருங்கள். குழந்தை வாய் திறந்து அழும்போது அந்தக் கர்புர் மறைகிறதா? மறைந்தால் அது பெரும்பாலும் மூக்குச் சத்தம். தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு எழுவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு வரும் என்பதால், கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தவறும். 30 முதல் 60 வரை இருக்கலாம். 60-ஐத் தொட்டால் கொஞ்சம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் காட்ட வேண்டும். மூன்றாவது, பால் குடிக்கும் விதம்.

மூன்று வயது மகனின் அம்மா: என் மகனுக்கும் இப்படித்தான். நெபுலைசர் வைத்ததும் சரியாகிவிட்டது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வார்டு செவிலியர்: மூன்று வயது இளைப்பும் இரண்டு வார மூக்குச் சத்தமும் வேறு வேறு. மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

கீச்சுக்குரல் பாப்பாவின் அம்மா: எங்கள் வீட்டுச் சத்தம் மூக்கிலிருந்து வரவில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் கீச்சென்று கேட்கும். அழும்போது மறையாது, இன்னும் கூடும். மல்லாந்து படுத்தாலும் கூடும். தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குரல்வளைக்கு மேலே உள்ள மென்மையான திசு மூச்சிழுக்கும்போது உள்ளே மடங்குகிறது என்று மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துச் சொன்னார். முதல் சில மாதங்கள் சத்தம் கூடத்தான் செய்தது. எடை ஏறுகிறதா என்று மட்டும் விடாமல் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் தானாக அடங்கியது. குப்புறப் போட்டால் சத்தம் குறைகிறது என்று எங்களுக்கும் ஆசை வந்தது. அவர் சம்மதிக்கவில்லை, மல்லாந்துதான் தூங்க வேண்டும் என்றார்.

புது அம்மா: எண்ணினேன். நல்ல தூக்கத்தில் 48. அழுதால் கர்புர் போய்விடுகிறது. மூச்சு நிற்பதுபோல் இருந்தது ஏழெட்டு நொடிதான், நிறம் மாறவில்லை. சொட்டு விட்ட பிறகு இடையில் விடாமல் பால் குடிக்கிறாள். ஆனால் இரவுச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. தலையணை வைத்துத் தலையை உயர்த்தலாமா?

வார்டு செவிலியர்: தலையணை வேண்டாம். கழுத்து மடங்கி மூச்சுக்குழல் அழுந்தும். ஐந்து, பத்து நொடி நின்று பிறகு வேகமாக இழுப்பது இந்த வயதில் சகஜம். 20 நொடி நின்றாலோ, அதற்குள்ளேயே உதடோ நாக்கோ நீலமானாலோ உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, மூக்குத்துவாரம் விரிவது, விலாவுக்குக் கீழே குழி விழுவது, பாலை மறுப்பது, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இரட்டையர் அப்பா: இரவுச் சத்தம் எதுக்களித்த பாலால் இருக்குமோ? எங்கள் சின்னவனுக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

வார்டு செவிலியர்: இருக்கலாம், காய்ந்த காற்றாலும் இருக்கலாம். எழுத்தில் படித்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சத்தம் வரும்போது சட்டையை விலக்கி, நெஞ்சும் முகமும் தெரியும்படி ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது பெரும்பாலும் குழந்தை சத்தமே போடாது.

புது அம்மா: அடுத்த வாரம் எடை பார்க்கப் போகிறோம். இன்று இரவே எடுத்து வைக்கிறேன்.