அழுத்தத்தை நிமிர்த்தியும் கன அளவைக் கிடையாகவும் வரையும் பி.வி. படத்தில், கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை வைத்து வேலையைக் கணக்கிடும்போது ஏமாந்த அனுபவம் இருக்கா?

டியூஷன் ஆசிரியை: பிளஸ் ஒன் பையன் ஒருத்தன் கொண்டு வந்த கணக்கு. முக்கோணச் சுற்று. 1 லிட்டரிலேயே அழுத்தம் 100லிருந்து 300 கிலோபாஸ்கலுக்கு ஏறுது. அங்கிருந்து வாயு விரிய, கோடு சாய்ந்து இறங்கி 3 லிட்டரில் 100ஐத் தொடுது. பிறகு அதே 100இல் 1 லிட்டருக்குத் திரும்புது. அவன் விடை 300 ஜூல். பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. அந்த 300 எங்கிருந்து வந்ததுன்னு எனக்கே கால்மணி நேரம் பிடிபடலை.

பாலிடெக்னிக் மாணவர்: திரும்பி வர்ற கோட்டைக் கழிக்க மறந்திருப்பான் மேடம். நான் செமஸ்டரில் அப்படித்தான் மார்க் விட்டேன்.

ஆசிரியை: பாதி சரி தம்பி. கழிக்காம விட்டிருந்தா சராசரி 200, பெருக்கல் 2, ஆக 400 வந்திருக்கணும். அளவுகோலைப் பார்த்தப்பதான் புரிஞ்சது. படத்தின் அடிக்கோடு 0 இல்லை, 50. அவன் கண்ணுக்குத் தெரிந்த பரப்பை மட்டும் எண்ணியிருக்கான்.

கப்பல் என்ஜினியர் (ஓய்வு): அவன் திரும்பும் கோட்டுக்கும் அதே அடிக்கோட்டிலிருந்து எண்ணிக் கழிச்சிருந்தா தப்பிச்சிருப்பான். 300இல் 100 போனா 200. சரியான விடையும் அதுதான். அடிக்கோடு எங்கே இருந்தாலும் கண்ணிக்குள்ள இருக்கும் பரப்பு மாறாது.

நாங்க கப்பலில் சிலிண்டரின் பி.வி. படம் விழும் இண்டிகேட்டர் கார்டு எடுத்து, பரப்பை அளக்கும் பிளானிமீட்டரின் முனையைக் கோட்டு மேலேயே ஒரு சுற்று ஓட்டுவோம். 600 சதுர மி.மீ. வந்தா, கார்டின் நீளம் 75ஆல் வகுப்போம். சராசரி உயரம் 8 மி.மீ. ஒரு பார் அழுத்தத்துக்குக் கோட்டை 0.8 மி.மீ. எழுப்பும் ஸ்பிரிங்னா, 10 பார். பிஸ்டன் ஒரு வீச்சில் அரை கன மீட்டர் தள்ளினா, ஒரு சுற்றுக்கு 500 கிலோஜூல்.

ஒருமுறை ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மற்றதைவிட அதிகமா வேலை செய்யுதுன்னு கார்டு காட்டுச்சு. உச்ச அழுத்தமும் புகைபோக்கிச் சூடும் மற்றதைப் போலவேதான். அந்தச் சிலிண்டருக்கு எரிபொருளை நிறுத்திட்டு இன்னொரு கார்டு எடுத்தேன். எரியாதப்ப, போற கோடும் வர்ற கோடும் கிட்டத்தட்ட ஒட்டிக்கணும். எனக்கு நடுவில் நல்லா வாய் திறந்திருந்தது. கார்டைச் சுற்றியிருக்கும் டிரம்மைச் சுழற்றும் கயிறு பிஸ்டனோட சேர்ந்து ஓடலை. அதாவது கிடை அச்சே பொய்.

ஏசி மெக்கானிக்: எங்க சார்ட்டிலும் அழுத்தம்தான் நிமிர்ந்து நிற்கும். கம்ப்ரசர் வேலைக்கு நாங்க பரப்பெல்லாம் பார்க்கிறதில்லையே, குறுக்கே இருக்கும் நீளத்தைத்தான் எடுப்போம்?

என்ஜினியர்: உங்க கிடை அச்சில் இருப்பது கன அளவு இல்லை தம்பி, என்தால்பிங்கிற ஆற்றல் அளவு. அங்கே பரப்புக்கு வேலைன்னு அர்த்தமே கிடையாது.

மாணவர்: அப்போ நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கீழே இன்னொரு குட்டிக் கண்ணி வருமே, அது எதிர்த் திசையில் சுத்துதே சார்?

என்ஜினியர்: காற்றை உள்ளே இழுத்து, புகையை வெளியே தள்ளச் செலவாகும் வேலை அது. டர்போ இல்லாத என்ஜினில் கழிக்கணும். ஆனா வழக்கமான ஸ்பிரிங்கில் அது ஒரு கோடாத்தான் விழும், மெல்லிய ஸ்பிரிங் மாட்டினாத்தான் பரப்பு தெரியும்.

ஆசிரியை: பையனோட அடுத்த கணக்கே எட்டு மாதிரி பின்னிய சுற்றுதான். இரண்டு கண்ணியையும் கூட்டி வச்சிருக்கான். நாளைக்கு அம்புக்குறியிலிருந்து ஆரம்பிக்கணும்.