புதுப்பிப்பு: தண்ணீர் நேர வரைபடத்துக்கு வார்டு உறுப்பினர் தந்த விளக்கம்

“வரைபடத்தில் எங்கள் தெருவுக்கும் தினம் இரண்டு மணி நேரம் என்றுதான் இருக்கிறது, பிறகு ஏன் குடங்கள் நிறைவதில்லை?” என்பதுதான் என் கேள்வி.

நேற்றைய பகுதி சபைக் கூட்டத்தில் வார்டு உறுப்பினர், ஒவ்வொரு தெருவுக்கும் தண்ணீர் விடும் நேரத்தைக் காட்டும் அந்தப் பட்டை வரைபடத்தைக் காட்டி, எல்லாத் தெருக்களின் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதால் பங்கீடு சமமாகவே நடக்கிறது என்றார். நேரத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால், ஓய்வுபெற்ற வால்வு திறப்பாளர் ஒருவர் எழுந்து, “அம்மா, இது வால்வைத் திறந்து மூடிய நேரம், குழாய் நிரம்பிக் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டிய நேரம் இதில் இல்லை” என்றபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

இன்று காலை நானே அளந்து பார்த்தேன். தொட்டிக்கு அருகிலுள்ள தெருவில் 15 லிட்டர் குடம் ஒரு நிமிடத்தில் நிறைகிறது. எங்கள் கடைக்கோடித் தெருவிலோ முதல் 40 நிமிடங்கள் வெறும் காற்றுதான். அதன்பின் குடத்துக்கு ஐந்து நிமிடம் வீதம், மிஞ்சிய 80 நிமிடங்களில் 16 குடங்கள், அதாவது 240 லிட்டர் மட்டுமே கிடைக்கிறது. தொட்டிக்கு அருகிலுள்ள தெருவிலோ அதே இரண்டு மணி நேரத்தில் 1,800 லிட்டர் வரை பிடிக்கலாம்.

கூட்டத்தின் இடையில் ஒரு அக்கா தம் வீட்டுத் தண்ணீர் கலங்கலாக வருவதைச் சொன்னார். அது நேரக் கணக்கில் அடங்காத, தனியே கவனிக்க வேண்டிய குறை. கடைசி வீட்டுக் குழாயில் அளந்து புதிய பட்டைகள் வரைவதாக உறுப்பினர் ஒப்புக்கொண்டார், நாள் மட்டும் குறிப்பிடவில்லை.