ஸ்மியரில் ஒன்றும் இல்லை என்று வந்த பிறகு: நாய், மாடு பபேசியா அனுபவங்கள்

நுண்ணோக்கி மேசை

சென்னையில் நாய் வளர்ப்பவர்கள், உண்ணி பரப்பும் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா, சிவப்பணுவுக்குள் புகும் ஒட்டுண்ணியான பபேசியா எல்லாவற்றையும் சேர்த்து "உண்ணிக் காய்ச்சல்" என்றே சொல்கிறார்கள். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதுதான் சிக்கல். சமீபத்தில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு லாப்ரடாரின் கதையை எழுதுகிறேன். இதே மாதிரி பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

மூன்று வயது ஆண். விட்டுவிட்டுக் காய்ச்சல். வேறொரு இடத்தில் எர்லிக்கியா என்று டாக்சிசைக்ளின் ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்து மறுபடி படுத்துவிட்டது. ஈறு வெள்ளைத்தாள் போல வெளுத்திருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் பிசிவி 17 சதவீதம், வளர்ந்த நாய்க்கு 37க்குக் குறையக் கூடாது. பிளேட்லெட்டும் குறைவு. கையில் இருந்த ரிப்போர்ட்டில் "ரத்த ஒட்டுண்ணி காணப்படவில்லை" என்று ஒரு வரி. அந்த ஸ்மியர், அதாவது ஸ்லைடில் மெல்லியதாக இழுத்த ரத்தப் படலம், முந்தைய நாள் எடுத்து குழாயில் வைத்திருந்த ரத்தத்தில் போட்டது.

எங்கள் டாக்டர் அதை ஏற்கவில்லை. காது ஓரத்தைச் சுத்தம் செய்து, காயவிட்டு, ஊசியால் குத்தி, வந்த முதல் துளியிலேயே மெல்லிய ஸ்மியர் இழுத்தோம். மெத்தனாலில் நிலைப்படுத்தி ஜீம்சா சாயம். ஸ்லைடின் நடுப்பகுதியில் கண்ணில் படும்படி எதுவும் இல்லை. வால்பக்கம் போனபோது ஒரு சிவப்பணுவுக்குள் சின்ன வளையம். வளையம் மெல்லிய நீலம், அதன் ஓரத்தில் செவ்வூதாப் புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நாயில் வரும் சிறிய வகை, பபேசியா கிப்சோனி.

சாயத் துகளும் அப்படியே ஏமாற்றும். அதனால் ஃபோகஸ் குமிழை மெதுவாகத் திருகிப் பார்ப்பேன். துகள் அணுவுக்கு மேலே மினுங்கிக்கொண்டு தனித் தளத்தில் நிற்கும். ஒட்டுண்ணி அணுவோடு சேர்ந்தே தெளிவாகி, சேர்ந்தே மங்கும். அணுவின் மேல் உட்கார்ந்த பிளேட்லெட் என்றால் சுற்றிலும் வெளுத்த ஒரு விளிம்பு தெரியும்.

ஒட்டுண்ணி குறைவுதான், ஆனால் சுற்றியிருந்த அணுக்களே பாதிக் கதையைச் சொல்லிவிட்டன. நீலம் கலந்த பெரிய இளம் சிவப்பணுக்கள் நிறைய இருந்தன. எலும்பு மஜ்ஜை அவசரமாக உற்பத்தி செய்து அனுப்புகிறது என்று அர்த்தம். நடுவெளிறு இல்லாமல் உருண்டு சிறுத்த அணுக்களும் இருந்தன. எர்லிக்கியா மட்டும் இருக்கும் நாயில் இந்தக் கூட்டு பொதுவாக வராது.

கறவைக்காரன், சத்தியமங்கலம்

இதுக்கு இவ்வளவு சுத்தணுமா சார்? மூத்திரம் டிகாஷன் மாதிரி போச்சுன்னா பபேசியாதான். எங்க எச்.எஃப். கலப்பு மாட்டுக்கு வந்தது. வாங்கி வந்து மூணு வாரம் ஆகலை. காய்ச்சல் 106, அசை போடலை, பால் சட்டுனு நின்னுபோச்சு. டாக்டர் டிமினசீன் ஊசி ஆழமாப் போட்டார். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கி, தண்ணி குடிச்சது. நாய்க்கும் அதையே போட்டா முடிஞ்சுது.

வட்டார மருத்துவர்

அண்ணே, உங்கள் மாட்டுக்கு அது சரியான மருந்துதான். உடல் எடையில் கிலோவுக்கு 3.5 மில்லிகிராம், தசையில் ஆழமாக. பபேசியா பைஜெமினா இதற்கு நன்றாகவே அடங்கும். நாய் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. நாயில் பெரிய வகை ஒன்று இருக்கிறது, பபேசியா வோகலி. அதற்கு இமிடோகார்ப், டிமினசீன் இரண்டும் கேட்கும். கிப்சோனி அப்படி இல்லை. காய்ச்சல் குறைந்து நாய் எழுந்து நடக்கும், ஒட்டுண்ணி உள்ளேயே இருக்கும், சில வாரம் கழித்துத் திரும்ப வரும். டிமினசீனில் நாய்க்கு அளவு கொஞ்சம் கூடினாலும் தள்ளாட்டமும் கண் துடிப்பும் வந்துவிடும். மாட்டு ஊசியைக் கண்ணளவில் நாய்க்குப் போட்டு நரம்புக் கோளாறோடு வந்த நாயை நான் பார்த்திருக்கிறேன்.

கிப்சோனியை 1910இல் பேட்டன் என்பவர் முதலில் விவரித்ததே மெட்ராஸ் வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில்தான், அப்புறம் நரியிலும் பார்த்தார். நம் ஊருக்குப் பழைய ஆள். ஆனாலும் இதை நினைக்காமலே பல நாய்களுக்கு டாக்சிசைக்ளின் மட்டும் போகிறது என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இன்னொன்று, டிகாஷன் நிறம் வந்தால்தான் பபேசியா என்று காத்திருக்கக் கூடாது. கிப்சோனியில் சிவப்பணு பெரும்பாலும் மண்ணீரலில்தான் அழிகிறது. மூத்திரம் ஆழ்ந்த மஞ்சளாக இருக்கும், சிவப்பாக இல்லாமலும் போகலாம். ஒட்டுண்ணி புகுந்த அணு மட்டும் சாகவில்லை. புகாத அணுக்கள் மேலும் எதிர்ப்புப் பொருள் ஒட்டிக்கொள்வதால் உடம்பே அவற்றைப் பிடித்து அழிக்கிறது. ஸ்லைடில் நூற்றில் ஒரு அணுவில்கூட ஒட்டுண்ணி இல்லாத நாய்க்குப் பிசிவி 17 ஆவது இப்படித்தான்.

எருமை வீட்டம்மா

எங்க எருமை கன்னு போட்டு மூணு வாரத்துல செவப்பா மூத்திரம் போச்சு. எல்லாரும் உண்ணிதான்னு சொன்னாங்க. ஊசியும் போட்டாச்சு, குறையவே இல்லை. அப்புறம் வந்த டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, பாஸ்பரஸ் குறைவுன்னு சொல்லி நரம்புல மருந்து ஏத்தினாங்க. ரெண்டு நாள்ல தெளிஞ்சுது. வெறும் வைக்கோல்தான் போட்டுக்கிட்டு இருந்தோம்.

வட்டார மருத்துவர்

நல்லவேளை, நீங்கள் சொன்னது இங்கே கட்டாயம் வரவேண்டிய விஷயம் அம்மா. உங்கள் எருமைக்குக் காய்ச்சல் இருந்ததா?

எருமை வீட்டம்மா

இல்லைங்க, ஒடம்பு சுடவே இல்லை.

வட்டார மருத்துவர்

அதுதான் துப்பு. கறவை ஏறும் சமயம், கன்று போட்ட சில வாரத்துக்குள், காய்ச்சல் இல்லாமல் சிவப்பு மூத்திரம் என்றால் பாஸ்பரஸ் முதலில் நினைவுக்கு வரவேண்டும். பபேசியாவில் தொடக்கத்தில் காய்ச்சல் கொதிக்கும். ஆனால் மாடு சாகப்போகும் நிலையில் உடம்பு சில்லிட்டுவிடும், அதனால் தாமதமாகப் பார்க்கும் மாட்டில் இந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்ப முடியாது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். மூத்திரத்தைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஆடாமல் வைத்துவிடுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் முழு ரத்த அணுவாகவே வருகிறது, சிறுநீர்ப் பையையோ சிறுநீரகத்தையோ பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் வைத்தாலும் மேலிருந்து கீழ்வரை அதே நிறம் என்றால் ரத்தக் குழாய்க்குள்ளேயே அணு உடைந்து ஹீமோகுளோபின் வழிகிறது. பபேசியாவிலும் பாஸ்பரஸ் குறைவிலும் இரண்டாவது நிலைதான். அங்கே பிரித்துச் சொல்ல ஸ்மியர் வேண்டும்.

நுண்ணோக்கி மேசை

மாட்டு ஸ்மியர் பார்க்க இதமாக இருக்கும். பைஜெமினா பெரியது, இரண்டிரண்டாகப் பேரிக்காய் வடிவில், கூர்முனை சேர்ந்து குறுகிய கோணத்தில் அணுவை நிறைத்துக்கொண்டு நிற்கும். பபேசியா போவிஸ் என்றால் சிறியது, கோணம் விரிந்திருக்கும். போவிஸ் உள்ள அணுக்கள் மூளை போன்ற உறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்வதால், கழுத்து நரம்பில் எடுத்த ரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. வால் நுனியிலோ காது நுனியிலோ எடுக்கச் சொல்வது அதனால்தான். நாயின் சிறிய வகைக்கு நுனி ரத்தம் அந்த அளவுக்கு உதவுமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அப்போதே இழுத்த புது ரத்தத்தில் அணு சிதையாமல் இருப்பது எனக்குப் பெரிய வித்தியாசம்.

இரண்டு நாய் அம்மா

அந்த லாப் என் பையன்தான்! மருந்து பத்தி நான் சொல்றேன். அட்டோவகோன் எட்டு மணிக்கு ஒரு தடவை, அசித்ரோமைசின் ஒரு வேளை, மொத்தம் 10 நாள். தனி அட்டோவகோன் எங்கேயும் கிடைக்கவில்லை. மலேரியாவுக்கு வரும், புரோகுவானில் கலந்த மாத்திரைதான் கிடைத்தது. அதில் வாந்தி எடுத்துத் தள்ளிவிட்டான். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் ஏறும் என்றார்கள், முட்டை மஞ்சள் கருவில் வைத்துக் கொடுத்தோம். ரத்தமும் ஏற்ற வேண்டி வந்தது. இப்போது ஈறு இளஞ்சிவப்பு, வாசலுக்கு ஓடுகிறான்.

என் கேள்வி, இது எனக்கு வருமா? உண்ணியை நான் கையால்தான் பிடுங்குகிறேன்.

வட்டார மருத்துவர்

நம் நாய்களில் பார்க்கும் இந்த இரண்டு வகையும் மனிதருக்கு வருவதாகத் தெரியவில்லை அம்மா. அமெரிக்காவில் மனிதருக்கு வருவது பெரும்பாலும் பபேசியா மைக்ரோட்டை, அதைப் பரப்பும் உண்ணியும் வேறு. ஆனாலும் நகத்தால் நசுக்க வேண்டாம், சிமிட்டாவால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உங்கள் இன்னொரு நாய்க்கும் ஒருமுறை, ரத்தத்தில் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பார்த்துவிடுங்கள். கிப்சோனி நாய்க்கடியிலும் பரவும், தாயிடமிருந்து குட்டிக்கும் போகும். இவனுக்கு மருந்து முடிந்து 60ஆம் நாள், 90ஆம் நாள் இரண்டு பிசிஆரும் நெகட்டிவ் வந்தால்தான் நிம்மதி. ரிசல்ட் எப்படி வந்தாலும் இனி இவன் மற்ற நாய்க்கு ரத்தம் கொடுக்கக் கூடாது.

இளம் டாக்டர், திருச்சி

சார், எதிர்ப்புப் பொருள் ஒட்டியதால் உப்புநீர்த் துளியில் கலந்தும் ரத்த அணுக்கள் கட்டியாகவே நிற்கும் நாய்க்கு, எதிர்ப்பு சக்தியை அமுக்கும் பிரெட்னிசோலோன் நீங்கள் கொடுப்பீர்களா? எங்கள் கிளினிக்கில் குறுகிய காலத்துக்குக் கொடுத்துப் பிசிவி நின்றதைப் பார்த்தேன்.

வட்டார மருத்துவர்

நான் தயங்குவேன் தம்பி. எதிர்ப்பு சக்தியை அமுக்கினால் ஒட்டுண்ணிக்கு வசதியாகிவிடும், ஒட்டுண்ணியைக் கொன்றாலே அணு அழிவதும் பெரும்பாலும் நிற்கிறது. உயிர் போகும் நிலையில் உங்கள் முடிவைத் தப்பு என்றும் சொல்லமாட்டேன். இதில் என் மனம் இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை.

கறவைக்காரன், சத்தியமங்கலம்

சரி டாக்டர், நாய்க்கு நான் சொன்னது வாபஸ். எனக்குப் புரியாதது இதுதான். அதே கொட்டகையில காங்கேயம் மாடும் நிக்குது, அதுக்கும் உண்ணி இருக்கு, ஒண்ணும் ஆகலை. புது மாடு மட்டும் ஏன் விழுந்தது? உண்ணியைப் பிடுங்கிப் பிடுங்கித் தரையில போட்டுத்தான் இருந்தேன்.

வட்டார மருத்துவர்

தரையில் போடுவதை முதலில் நிறுத்துங்கள். மாட்டு உண்ணி மூன்று வாரமும் ஒரே மாட்டின் மேல் வளர்ந்து, ரத்தம் குடித்து உப்பிய பிறகு தானாகவே தரைக்குத்தான் இறங்கும், ஆயிரக்கணக்கில் முட்டை இட. பபேசியா அந்த முட்டைக்குள்ளேயே போய்விடும். அதிலிருந்து வரும் குஞ்சு எந்த மாட்டையும் கடிக்காமலே நோயைச் சுமந்துகொண்டு பிறக்கிறது. சோப்பு நீரிலோ மண்ணெண்ணெயிலோ போட்டுக் கொல்லுங்கள். நாய் உண்ணி வேறு மாதிரி, ஒவ்வொரு பருவத்திலும் நாயை விட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் ஏறும். அதனால் அந்த இரண்டு நாய் அம்மா தன் வீட்டுச் சுவரையும் பார்க்க வேண்டும்.

காங்கேயத்துக்கு நாட்டு மாட்டின் எதிர்ப்பு இயல்பிலேயே இருக்கிறது, அதோடு கன்றாக இருக்கும்போதே கடிபட்டுப் பழகியிருக்கும். ஒன்பது மாதத்துக்குள் வந்தால் கன்றுக்கு நோய் லேசாகவே போகும். உண்ணியே இல்லாத கொட்டகையில் வளர்ந்த உங்கள் புது மாட்டுக்கு அது முதல் சந்திப்பு.

கறவைக்காரன், சத்தியமங்கலம்

அப்போ கன்னுக்கு உண்ணி மருந்து அடிக்கலாமா, வேண்டாமா?

இளம் டாக்டர், திருச்சி

அடிக்கத்தான் வேண்டும். இன்னொரு ரத்த ஒட்டுண்ணியான தைலேரியாவையும் உண்ணிதான் பரப்புகிறது, அது கலப்பினக் கன்றை விடாது.

வட்டார மருத்துவர்

தைலேரியா உள்ள இடத்தில் தம்பி சொல்வது நியாயம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கன்றில் ஒரு உண்ணிகூட இல்லாமல் துடைத்துவிட்டால் நாளைக்கு அதுவும் உங்கள் புது மாட்டின் நிலைக்கு வரும். உங்கள் பக்கத்து மாடுகளின் ஸ்மியரில் எது அதிகம் வருகிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம். அடுத்து மாடு வாங்கும்போது, வந்த நாளிலிருந்து நாலு வாரம் காலையில் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 103ஐத் தாண்டினால் மூத்திரம் சிவக்கும்வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள், வால் நுனியில் ஒரு துளி எடுத்துக்கொள்கிறேன்.