ஸ்பீக்கரில் பேசும்போது அம்மாவுக்கு எதிரொலி: குறை யாருடைய கைபேசியில்?

கேட்டவர்: வணக்கம். இரவில் சமைத்துக்கொண்டே ஊரிலிருக்கும் அம்மாவிடம் ஸ்பீக்கரில் பேசுவது என் வழக்கம். இரண்டு வாரங்களாக, தாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் சற்றுப் பின்னால் தமக்கே திரும்பக் கேட்பதாக அம்மா சொல்கிறார். எனக்கோ அவர் குரல் தெளிவாகவே கேட்கிறது. அவருடைய கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கச் சொல்லலாமா? சில நாள்களில் அழைப்பை எடுத்ததும் ஒலி அடுத்த அறையில் கிடக்கும் ப்ளூடூத் நெக்பேண்டுக்குப் போய்விடுகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1: இது நெட்வொர்க் கோளாறுதான். ஒலியளவைக் குறைத்துவிட்டு, சிக்னல் நன்றாக உள்ள இடத்திலிருந்து பேசிப் பாருங்கள்.

மறுமொழி 2 (கைபேசி பழுதுநீக்குபவர்): அம்மாவின் கைபேசியைத் தொட வேண்டாம். தம் குரலே திரும்பக் கேட்கிறது என்றால், அது பெரும்பாலும் எதிர்முனையில், அதாவது உங்கள் கைபேசியில், ஸ்பீக்கர் வழியே வெளிவந்து உங்கள் மைக்கில் புகுந்து திரும்பிச் செல்கிறது. நண்பர் சொன்னபடி ஒலியளவைக் குறைப்பது உதவும். ஆனால் நெட்வொர்க் தாமதம் எதிரொலியை உணரச் செய்யுமே தவிர, உண்டாக்குவது அரிது. அழைப்பின் நடுவிலேயே ஸ்பீக்கர் பொத்தானை அணைத்துக் காதில் வைத்துப் பேசுங்கள். அந்த நொடியே எதிரொலி நின்றால் காரணம் உறுதி. அண்மையில் உறை மாற்றினீர்களா?

மறுமொழி 3: எங்கள் வீட்டில் ஒரே அறையிலிருந்து இருவர் குழு அழைப்பில் சேர்ந்தபோது காதைத் துளைக்கும் ஊளை கேட்டது. உங்களுக்கும் அதுவாக இருக்குமோ?

மறுமொழி 2: அது வேறு, ஐயா. அங்கே ஒரு கைபேசியின் ஸ்பீக்கர் ஒலி மற்றதன் மைக்கில் நுழைந்து மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. ஒருவர் மைக்கை அணைப்பதோடு அவரது ஸ்பீக்கரையும் அணைத்தால் அடங்கிவிடும்.

கேட்டவர்: மிக்க நன்றி, அண்ணா. காதில் வைத்ததும் எதிரொலி நின்றது. தடித்த ரப்பர் உறையை வாங்கி இரண்டு வாரங்கள்தான் ஆகின்றன. அதைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் பேசினேன். முழு ஒலியிலும் அம்மாவுக்கு எதிரொலி இல்லை.

மறுமொழி 2: உறை கீழ்விளிம்பிலுள்ள துளைகளைப் பாதி மூடினால், ஒலி வெளியே போகாமல் உறைக்கும் கைபேசிக்கும் இடையில் ஓடி மைக்கை அடைகிறது. துளைகள் சரியாகப் பொருந்தும் உறையாக வாங்குங்கள். நெக்பேண்டைப் பொறுத்தவரை, அழைப்புத் திரையில் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினால் கைபேசி, ஸ்பீக்கர், ப்ளூடூத் என்று தேர்வுகள் வரும். நிரந்தரமாகத் தடுக்க விரும்பினால், ஆண்ட்ராய்டின் ப்ளூடூத் அமைப்பில் நெக்பேண்டின் பெயருக்கு அருகிலுள்ள சக்கரக் குறியைத் தொட்டு, Phone calls அல்லது Calls என்பதை மட்டும் அணையுங்கள்; பாட்டு கேட்பது தடைபடாது.

கேட்டவர்: அணைத்துவிட்டேன், அழைப்பு இப்போது கைபேசியிலேயே நிற்கிறது. ஆனால் அதற்கு முன் நெக்பேண்டில் பேசிப் பார்த்தபோதும் அம்மாவுக்கு மெல்லிய எதிரொலி கேட்டது. உறைக்கும் அதற்கும் தொடர்பிருக்க முடியாதே?

மறுமொழி 2: முடியாது. நெக்பேண்டின் ஒலியை இரண்டு படி குறைத்து, காதுமுனைகளை நன்கு பொருத்திப் பாருங்கள். அப்போதும் நீடித்தால், அதன் மைக்கே காரணமா என்பதை வேறொரு கைபேசியோடு இணைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.