ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பு நடந்த கூட்டத்தில் கேட்டதும், பின்னர் கைக்கு வந்ததும்

ஓசூர், ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

எங்கள் தொழிற்சாலையில், ஓராண்டுக்குள் ஓய்வு பெறவிருந்த பத்தொன்பது பேரை 2024 பிப்ரவரியில் கேன்டீனுக்கு வரச்சொல்லி, பர்சனல் ஆபீசர் அம்மா ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். வாழ்த்துரை, மூச்சுப் பயிற்சி என்று முடித்துவிடுவார்கள் என நினைத்துத்தான் போனோம். அவரோ பலகையில் இரண்டு கோடு இழுத்து மூன்று பத்திகளாகப் பிரித்தார். கம்பெனி தருவது முதல் பத்தி, பி.எஃப். அலுவலகம் ஒரே தடவையில் தருவது இரண்டாவது, அதே அலுவலகம் மாதாமாதம் தருவது மூன்றாவது. "எல்லாம் ஒரே நாளில் ஒரே காசோலையாக வரும் என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள், மூன்றும் மூன்று வழியில், மூன்று தேதியில் வரும்" என்றுதான் தொடங்கினார்.

முதல் பத்தியில் கிராஜுவிட்டி. என் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். நான் சேர்ந்தது 1997 செப்டம்பர் 1, ஓய்வு 2024 ஆகஸ்ட் 31, ஆக 27 ஆண்டுகள். கடைசிச் சம்பளத்தில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி முதலானவை அப்போது இதில் சேரவில்லை. ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பதால் பாதி மாதச் சம்பளம் 13,000 என்று நாங்கள் எல்லோருமே மனத்தில் பெருக்கி, 3,51,000 என்று முடிவு செய்திருந்தோம். சட்டப்படி மாதத்தை 30 நாளாக அல்ல, வார விடுமுறை நீங்கலாக 26 வேலை நாளாக வகுக்க வேண்டும் என்று அவர் எழுதிக் காட்டினார். ஒரு நாள் சம்பளம் 1,000, பதினைந்து நாளுக்கு 15,000, இருபத்தேழு ஆண்டுக்கு 4,05,000. வகுக்கும் எண் ஒன்றில் மட்டும் 54,000 ரூபாய் வித்தியாசம்! கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்திருந்தால் அதுவும் முழு ஆண்டாகும் என்றார்.

இந்தத் தொகையை ஓய்வு நாளிலிருந்து முப்பது நாளுக்குள் தர வேண்டும். மீதமிருந்த ஈட்டு விடுப்புக்கான பணத்துக்கு அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டம் இரண்டு மாதம் அவகாசம் தந்தது. எனினும் எங்களுக்குக் கடைசிச் சம்பளத்தோடு அதுவும் வந்துவிட்டது.

பென்ஷன் பத்திக்கு வந்தபோதுதான் கூட்டத்தில் சத்தம் எழுந்தது. பக்கத்து ஷாப் டர்னர் ஒருவர் கைப்பேசியிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்: 15,000 ரூபாயை, இருபது ஆண்டுக்கு மேல் சேவை செய்தவர்களுக்கான இரண்டு ஆண்டுச் சலுகையும் சேர்த்து 29-ஆல் பெருக்கி, 70-ஆல் வகுத்தால் 6,214. "வாய்ப்பாடு சரிதான் அண்ணே, ஆனால் உங்கள் சேவை முழுவதுக்கும் 15,000 கிடையாது" என்றார் அந்த அம்மா. பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ஆனது 2014 செப்டம்பர் 1-இல்தான். அதற்கு முந்தைய சேவைக்கு 6,500-ஐ வைத்தே கணக்கிடுவார்கள். என் விஷயத்தில் முதல் 17 ஆண்டுகளுக்கு 6,500 வீதம் 1,579 ரூபாய், பிந்தைய 10 ஆண்டுகளுக்கு 15,000 வீதம் 2,143 ரூபாய், ஆக 3,722. அந்த இரண்டு ஆண்டுச் சலுகையை எந்தப் பக்கம் சேர்த்தாலும் 3,900-க்கும் 4,150-க்கும் இடையில்தான் நிற்கும் என்றார். ஆறாயிரத்தை நம்பி மகளுக்குச் சீட்டுக் கட்டத் தொடங்கியிருந்த டர்னர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆணை வந்தபோது எனக்கு நாலாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. ஓய்வுக்குப் பின் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் ஏமாற்றப்பட்டதாகவே நினைத்திருப்பேன்.

திருச்சி, அரசு அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர்:

தாங்கள் ஏன் பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளவில்லை என்று விளங்கவில்லை. நான் ஓய்வு பெற்றபோது அப்படித்தான் வாங்கி வீட்டுக் கடனை அடைத்தேன். கம்யூட்டேஷன் என்று ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும். கூட்டம் நடத்திய அதிகாரி இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை.

கோயம்புத்தூர், முன்னாள் பர்சனல் அலுவலர்:

ஐயா, நீங்கள் சொல்வது மாநில அரசு ஊழியர்களுக்குச் சரி. தொழிற்சாலைத் தொழிலாளர்களின் 1995-ஆம் ஆண்டு பென்ஷன் திட்டத்திலும் அந்த வசதி ஒரு காலத்தில் இருந்தது, 2008-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது பத்து ஆண்டு சேவை முடித்தவருக்கு மாத ஓய்வூதியம் மட்டும்தான். முதலாளி பங்கிலிருந்து மாதாமாதம் பென்ஷன் நிதிக்குப் போன 8.33 விழுக்காட்டைத் திரும்பக் கேட்கவும் முடியாது. நான் நடத்திய கூட்டங்களில் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் இருக்கும் பணம் எப்போது வரும்?" என்பதுதான். அது சேமிப்புக் கணக்கு அல்ல என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாரோ ஒருவர் மறுபடி எழுந்து கேட்பார்.

ஓசூர் நண்பர் தேதிகளைச் சுருக்கமாக விட்டுவிட்டார், அங்கேதான் சிக்கல் வரும். ஆகஸ்ட் 31-இல் ஓய்வு பெறுபவரின் கடைசி மாதச் சந்தாவை நிறுவனம் செப்டம்பர் 15-க்குள் கட்டும். அதற்கு முன்பே அவசரப்பட்டு, பி.எஃப். பணத்துக்கான படிவம் 19 போட்டால், அந்த மாதப் பணம் கணக்கில் தங்கிவிடும். மீதிக்கு மறுபடி ஒரு விண்ணப்பம் போட வேண்டிவரும். நிறுவனம் விலகல் தேதியை இணையத்தில் பதியாமல் விட்டால் விண்ணப்பமே நகராது. பி.எஃப். அலுவலகத்துக்கு விதிப்படி இருபது நாள் அவகாசம் உண்டு, ஆனால் விண்ணப்பம் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பி.எஃப். பதிவில் வேறு தேதி என்று இருப்பவர்களை ஓராண்டு முன்பே கண்டுபிடித்து, தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு அறிவிப்பின் மூலம் திருத்துவதற்காகத்தான் நான் இந்தக் கூட்டத்தையே நடத்துவேன். மற்றதெல்லாம் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலும் போதும்.

ராணிப்பேட்டை, இன்னும் பணியில் இருப்பவர்:

எங்கள் ஆலையில் ஓய்வு வயது 60. சென்ற ஆண்டு நடந்த கூட்டத்தில் பேசியவர், பென்ஷன் படிவத்தை 60 முடிந்த பிறகு கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். எனக்கு 58 முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. பாஸ்புக்கைப் பார்த்தால் பென்ஷன் பத்தியில் இன்னும் மாதம் 1,250 ரூபாய் ஏறிக்கொண்டிருக்கிறது. கூடுதலாகக் கட்டுவது நல்லதுதானே, சேவை ஆண்டு கூடுமே என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன்.

கோயம்புத்தூர், முன்னாள் பர்சனல் அலுவலர்:

சேவை ஆண்டு அதிகமாகாது. பென்ஷன் திட்டத்தில் உறுப்பினர் என்ற நிலை 58 முடியும் நாளோடு முடிகிறது. அதன்பின் முதலாளி பங்கு முழுவதும் உங்கள் பி.எஃப். கணக்குக்கே போக வேண்டும். இப்போது அந்த 1,250 தவறான பெட்டியில் விழுகிறது. வேலையில் இருந்துகொண்டே 58-இலிருந்து பென்ஷன் வாங்கலாம். வேண்டுமென்றே 60 வரை தள்ளிப்போட்டு, ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடுதலாகப் பெறவும் வழி உண்டு, ஆனால் அது நீங்களே எழுதிக் கொடுத்துத் தேர்ந்தெடுப்பது. படிவம் கொடுக்காமல் இருந்ததால் தானாகக் கிடைப்பதன்று. நிறுவனம் அந்தப் பதினான்கு மாதப் பதிவைத் திருத்தாதவரை பென்ஷன் விண்ணப்பமான படிவம் 10டி ஆட்சேபணையோடு திரும்பி வரக்கூடும். நாளையே எழுத்தில் கொடுங்கள்.

சேலம், மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றவர்:

முப்பது நாள் என்று எங்களுக்கும் சொன்னார்கள். நான் வேலை செய்த நிறுவனம் ஐந்தாவது மாதத்தில்தான் கிராஜுவிட்டியைத் தந்தது, அதுவும் கூட்டுறவுச் சங்கக் கடனைப் பிடித்துக்கொண்டு. நான் விண்ணப்பமே கொடுக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள்.

கோயம்புத்தூர், முன்னாள் பர்சனல் அலுவலர்:

விண்ணப்பம் வந்தாலும் வராவிட்டாலும் தொகையைக் கணக்கிட்டுத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் ஓய்வுத் தேதிக்கு முப்பது நாள் முன்பே கிராஜுவிட்டி விண்ணப்பத்தைக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு தனி வட்டி உண்டு. ஓசூர் நண்பரின் 4,05,000-க்கு அது மாதம் 3,375 ரூபாய் ஆகும். கேட்டும் தராவிட்டால் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனுப் போடலாம். சங்கக் கடன் விஷயத்தில் நீங்கள் முன்பு கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

சேலம், மேற்பார்வையாளராக ஓய்வுபெற்றவர்:

கடன் வாங்கிய அன்று எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அது இருக்கட்டும், பி.எஃப்.-இல் ஏழு லட்சம் இன்சூரன்ஸ் என்று சொல்கிறார்களே, அதையாவது எங்களுக்குத் தந்தார்களா?

ஓசூர், ஓய்வுபெற்ற ஃபிட்டர்:

அதே கேள்வியை எங்கள் கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். பணியில் இருக்கும்போதே இறந்தால்தான் குடும்பத்துக்கு அது கிடைக்கும் என்று அந்த அம்மா சொன்னதும், "அப்படியானால் எனக்கு வேண்டவே வேண்டாம் மேடம்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

தேதிகளைச் சுருக்கமாக விட்டுவிட்டேன் என்று கோயம்புத்தூர் நண்பர் சொன்னதால் என்னுடையதை எழுதுகிறேன். கிராஜுவிட்டி செப்டம்பர் 24-ஆம் தேதி வங்கியில் ஏறியது. படிவம் 19-ஐயும் 10டி-யையும் செப்டம்பர் 18-இல் போட்டேன், பி.எஃப். பணம் அக்டோபர் முதல் வாரம் வந்தது. பென்ஷன் ஆணை நவம்பரில்தான் வந்தது, என்றாலும் செப்டம்பர் 1 முதல் கணக்கிட்டு நிலுவையோடு தந்தார்கள். இடைப்பட்ட இரண்டு மாதமும் வீட்டில் மாத வருமானம் எதுவும் இல்லை. கூட்டத்தில் அவர் கடைசியாகச் சொன்னது இதைத்தான்: பென்ஷன் தொடங்கக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு, கிராஜுவிட்டியில் அந்தச் செலவுக்கானதை எடுத்து வைத்த பிறகே மற்றதைத் தொடுங்கள் என்றார். பத்தொன்பது பேரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று தெரியாது. நான் கேட்டேன், அதுவும் என் மனைவி சொன்னதால்.

ஓசூர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருப்பவர்:

அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை. நிரந்தரமானது 1998-இல் என்று ஆணையில் இருக்கிறது. ஆனால் 1995 முதலே அதே ஷாப்பில் தற்காலிகமாக வேலை செய்தேன். கிராஜுவிட்டிக்கு அந்த மூன்று ஆண்டு சேருமா? எங்கள் அலுவலகத்தில் கேட்டால் நிரந்தரமான தேதியைத்தான் எடுப்போம் என்கிறார்கள்.

கோயம்புத்தூர், முன்னாள் பர்சனல் அலுவலர்:

நிரந்தர ஆணையின் தேதி முக்கியமில்லை. அந்த மூன்று ஆண்டிலும் ஆண்டுக்கு 240 நாள் அந்த நிறுவனத்துக்கே வேலை செய்திருந்தால் கேட்க உரிமை உண்டு. ஆனால் சம்பளம் யார் தந்தது, நிறுவனமா, ஒப்பந்ததாரரா? ஒப்பந்ததாரர் என்றால் வழக்கு வேறு திசையில் போகும். எளிதாகச் சேரும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து வருகைப் பதிவேடான மஸ்டர் ரோல் நிறுவனத்திடம் இருக்கும், உங்களிடம் இருக்காது. உங்கள் பழைய ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா?

ஓசூர், அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருப்பவர்:

இருக்கிறது சார். 1995-இல் பதிந்த அட்டை, அம்மாவின் பெட்டியில் இருக்க வேண்டும். அதில் இருப்பது கம்பெனியின் குறியீட்டு எண்ணா, மேஸ்திரியுடையதா என்று இதுவரை பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும்போது எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.