இருபது கான் என்றால் எப்போது இருபது?

வாவிக்கரை:
எங்கள் தொடர்மாடி வாயிலில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் இது: "18.9 லீற்றர் தண்ணீர்க் கான் தனியாக எடுத்தால் 300 ரூபா. குறைந்தது 20 கான் எடுத்தால் 240 ரூபா. புதிதாகச் சேர்பவர்கள் வெற்றுக் கானுக்கு 1,500 ரூபா வைப்பாகக் கட்ட வேண்டும். புதன், சனி விநியோகம்." அதன் கீழே பேனாவால் "வாரத்துக்கு 20 சேர்ந்தால் போதும்" என்று ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அந்த மேதை யார்? அதை நம்பிப் பணம் சேர்த்த நான் 1,440 ரூபாவைக் கையிலிருந்து கொடுத்திருக்கிறேன்.

படுவான்கரையான்:
நான்தான் எழுதினேன். பெயரையும் போட்டிருப்பேன், பேனாவில் மை முடிந்துவிட்டது. புதன்கிழமை 11 கான் இறங்கியது. சனிக்கிழமை 13. பதினொன்றும் பதின்மூன்றும் எத்தனை? 24. இருபதைவிடக் கூட. இதற்குமேல் என்ன கணக்கு வேண்டும்?

வாவிக்கரை:
கடைக்காரர் போட்ட கணக்கு வேண்டும். புதன்கிழமை பில் 3,300 ரூபா, நான் சேர்த்து வைத்திருந்தது 2,640. சனிக்கிழமை பில் 3,900, சேர்ந்தது 3,120. இரண்டு நாளும் இருபது வரவில்லை என்று 300 ரூபா விலையில்தான் பில் தந்தார்.

படுவான்கரையான்:
நீங்கள் ஏன் கொடுத்தீர்கள்? "ஒரு தடவைக்கு 20" என்று அறிவித்தலில் எங்கே இருக்கிறது? இல்லாததை வாசிக்க எனக்குத் தெரியாது.

கட்டிலடி:
எனக்கு ஒன்று விளங்கவில்லை. நானும் என் தாயாரும்தான் வீட்டில் இருக்கிறோம். 20 கானை எடுத்து எங்கே வைப்பது? கட்டிலின் கீழே நான்குகூடப் போகாது.

வாவிக்கரை:
தங்கச்சி, வீட்டுக்கு 20 அல்ல, எல்லா வீடும் சேர்ந்து 20. நீங்கள் ஒன்று எடுத்தாலும் போதும்.

படுவான்கரையான்:
வாரத்துக்கு.

பழைய லொறிக்காரன்:
நான் எட்டு வருடம் பட்டா லொறியில் கான் இறக்கியவன், அதனால் சொல்கிறேன். லொறி கல்லடிப் பாலம் தாண்டி உங்கள் வாசலுக்கு வந்து போகும் டீசல், சாரதி, உதவியாள் எல்லாம் 11 கானுக்கும் ஒன்றுதான், 20 கானுக்கும் ஒன்றுதான். ஒரே வாசலில், ஒரே பில்லில், ஒரே ஆள் பணம் கொடுக்க 20 இறங்கினால்தான் கானுக்கு 60 ரூபா குறைக்க அவருக்குக் கட்டும். இரண்டு ஓட்டம் ஓடவைத்துவிட்டு வாரக்கணக்குக் காட்டினால் அவருக்கு மிச்சம் என்ன? எங்கள் இடத்தில் குறைந்த அளவு என்றால் ஓர் இறக்கத்துக்குத்தான். ஆனால் அதை எழுதாமல் விட்டது கடைக்காரரின் பிழை. அந்த இடத்தில் படுவான்கரைத் தம்பி சொல்வது சரி.

படுவான்கரையான்:
பாருங்கள், ஐயாவே நான் சொல்வது சரி என்கிறார்.

வாவிக்கரை:
பாதி வசனத்தை மட்டும் வாசிக்க எங்கே படித்தீர்? கல்லடிப் பாலத்தின் கீழே மீன் பாடுவதைக் கேட்டவர்கள் உண்டு. அதுகூட முழு நிலவன்றுதான் பாடுமாம். நீர் நாள் தவறாமல் ஒரே பாட்டைப் பாடுகிறீர்.

ரீச்சர் வீடு:
என் கதையையும் கேளுங்கள். பழைய வீட்டிலிருந்து இரண்டு வெற்றுக் கான் கொண்டுவந்தேன். வேறு நிறுவனத்தின் முத்திரை இருக்கிறது என்று இந்த லொறிப் பையன் தொடவே மாட்டேன் என்றான். பழைய இடத்தில் திருப்பிக் கொடுக்கப் போனால் வைப்புப் பற்றுச்சீட்டைக் கேட்கிறார்கள். யார் அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தி வைத்தது? இப்போது அவற்றில் வெற்றிலைக் கொடி வளர்கிறது.

பழைய லொறிக்காரன்:
ரீச்சர், கான் அந்தந்த நிறுவனத்தின் சொத்து, வேறு ஆள் நிரப்பக்கூடாது. ஆகவே பையன் செய்தது சரி. பற்றுச்சீட்டு விடயத்தை எல்லாரும் கவனியுங்கள். 1,500 ரூபாவை வீட்டுக்கு வீடு கட்டினால் வீட்டுக்கு வீடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாவிக்கரை பெயரில் ஒரே சீட்டாக வாங்கினால், நாளை அவர் வீடு மாறும்போது பெரிய சண்டை வரும்.

உப்புக்கிணறு:
குழாயில் உன்னிச்சைத் தண்ணீர் வருகிறது. கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். கானுக்காக ஏன் இந்த அடிபிடி?

ரீச்சர் வீடு:
குழாய்த் தண்ணீர் எங்கள் கூரைத் தாங்கியில் விழுந்துதானே வருகிறது? அந்தத் தாங்கியை எப்போது கழுவியது?

வாவிக்கரை:
அதைப் படுவான்கரையானிடம் கேளுங்கள். போன வருடம் தாங்கி கழுவப் பணம் சேர்த்தபோது "அடுத்த வாரம்" என்றார். அந்த வாரம் இன்னும் வரவில்லை.

படுவான்கரையான்:
படிக்கட்டில் மோட்டார் சைக்கிளை விடுபவர்கள் பொதுக்காரியம் பேச வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான்: "தடவைக்கு" என்று எங்கே எழுதியிருக்கிறது?

வாவிக்கரை:
மழைக்கு மூன்று நாள் விட்டேன். மூன்று நாள்!

பழைய லொறிக்காரன்:
சைக்கிளைப் பிறகு பார்ப்போம். புதனை விட்டுவிட்டுச் சனிக்கிழமை மட்டும் எடுத்தால் 24 கானும் ஒரே இறக்கம், 240 ரூபா விலை தானாக வரும். ஆனால் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. வாரத்துக்கு இரண்டு கான் குடிக்கும் வீடு இதுவரை ஒரு கானை வைத்தே புதனும் சனியும் மாற்றி ஓட்டியது. இனி இரண்டு கான் வேண்டும். சனி வருமுன் காய்ந்துபோகாமல் இருக்க மூன்றாவதும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 1,500 ரூபா வைப்பு. மாதம் 480 ரூபா மிச்சம் என்றால் ஒரு வைப்பைக்கூட எடுக்க மூன்று மாதத்துக்கு மேல் செல்லும். வைப்பு திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனாலும் முதலில் கையிலிருந்து போகவேண்டும். மேலதிகக் கானை பால்கனி வெயிலில் அடுக்கிவிடாதீர்கள். கொஞ்ச நாளில் உள்ளே பச்சை பிடிக்கும்.

கட்டிலடி:
அப்படியென்றால் கட்டிலின் கீழேதானே!

பழைய லொறிக்காரன்:
ஓம் தங்கச்சி, நிழல்தானே. வெற்றுக் கானையும் காலையிலேயே வாயிலுக்கு இறக்கி வைத்துவிடுங்கள். பையன் மூன்றாம் மாடி ஏறி ஒவ்வொன்றாகத் தூக்கினால் இந்த விலை நிலைக்காது. இன்னொன்று, 24 என்பது மெல்லிய கணக்கு. பாடசாலை விடுமுறைக்கு இரண்டு கான்காரர் இருவர் ஊருக்குப் போனால் சரியாக 20. மூன்றாவது வீடும் பூட்டினால் எல்லாருக்கும் 300. வராதவரும் தன் கானுக்குப் பணம் கட்டுவதா, வந்தவர்கள் பகிர்வதா என்று இப்போதே பேசுங்கள்.

உப்புக்கிணறு:
வராதவர் ஏன் கட்ட வேண்டும்? குடிக்காத தண்ணீருக்குக் காசா?

வாவிக்கரை:
அவர் பூட்டிக்கொண்டு போனதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? போன வாரம் கட்டியது போதாதா? அந்த 1,440 ரூபாவை 24 கானுக்கும் பிரித்தால் கானுக்கு 60 ரூபா. பெரிய தொகையா? இதுவரை இரண்டு வீடுதான் தந்திருக்கிறது.

படுவான்கரையான்:
என் இரண்டு கானுக்கு 120 ரூபா. தரமாட்டேன். பணத்துக்காக அல்ல, தந்தால் தடவைக்கு 20 என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ரீச்சர் வீடு:
தாங்கிக்கும் இப்படித்தான் ஒரு கொள்கை வைத்திருந்தீர்களா மகன்?

படுவான்கரையான்:
ரீச்சர், உங்கள் வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

வாவிக்கரை:
நாளை சனிக்கிழமை. பட்டியலில் இப்போது 17 இருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டும்.

கட்டிலடி:
எனக்கு ஒன்று போடுங்கள் அண்ணா. 18.

படுவான்கரையான்:
எனக்கு இரண்டு. ஆனால் புதன்கிழமைக்கு.