ஐபேட் 10ஆம் தலைமுறை: மேட் ஷீட் ஒட்டியதிலிருந்து எழுத்து மணல் மணலாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு மாறலாமா?

ஜெயநகர்_மாணவி

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் மேட் ஷீட் ஒட்டி ஒரு வாரம் ஆகிறது. மேசைக்கு மேலே டியூப்லைட், இடது பக்கம் ஜன்னல், ரெண்டும் திரையில் அப்படியே தெரிந்ததால்தான் ஒட்டினேன். அந்தத் தொல்லை போய்விட்டது. ஆனால் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் பொடிப்பொடியாக வண்ணம் மினுக்குகிறது. தமிழ் பிடிஎஃப் படிக்கும்போது ‘க’வா ‘க்’கா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. தினமும் நாலு மணி நேரம் வாசிப்பு, அரை மணி நேரம் பென்சிலில் கணக்கு. இதை உரித்துவிட்டு டெம்பர்ட் கிளாஸ் போட்டால் சரியாகுமா? டச் மந்தமாகிவிடுமோ என்றும் பயம்.

கோரமங்களா_குமார்

வண்ணப் புள்ளி வந்தால் டிஸ்ப்ளே போச்சுன்னு அர்த்தம். ஷீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. வாரண்டி இருக்கும்போதே சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க.

ஜெயநகர்_மாணவி

புள்ளி ஒரே இடத்தில் நிற்கவில்லை அண்ணா. தலையைக் கொஞ்சம் அசைத்தால் அதுவும் நகர்கிறது.

சிவாஜிநகர்_செல்வம்

கண்ணை மூடிக்கிட்டு கிளாஸ் போடுங்க. மேட்ல எழுத்து மங்கத்தான் செய்யும், டச்சும் மந்தமாகும். கிளாஸ் 9எச், கீறலே விழாது.

திரைப்பட்டறை

தலையை அசைத்தால் மினுக்கலும் நகர்கிறது என்றால் டிஸ்ப்ளே பழுது இல்லை. பழுதான பிக்சல் இடம் மாறாது. மேட் ஷீட்டின் மேற்புறம் மிக நுண்ணிய மேடு பள்ளமாக இருக்கும். ஒவ்வொரு மேடும் ஒரு குட்டி லென்ஸ் மாதிரி அடியில் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளில் ஏதோ ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டும். நீங்கள் பார்க்கும் வண்ணப் பொடி அதுதான். வெள்ளைப் பக்கத்தில் மூன்று நிறமும் எரிவதால் அங்கே அதிகம் தெரியும்.

உங்கள் மாடலில் இது கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பட்டர் பேப்பரை அச்சிட்ட தாள் மேல் ஒட்ட வைத்துப் படியுங்கள், படிக்க முடியும். அதையே ஒரு மில்லிமீட்டர் தூக்குங்கள், எழுத்து கரைந்துவிடும். மேட் பரப்பு படத்திலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு மங்கல். ஐபேட் 10ஆம் தலைமுறையில் மேல் கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேவுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது, லேமினேட் செய்யப்படவில்லை. பென்சில் நுனியைத் திரையில் வைத்துச் சாய்வாகப் பாருங்கள், நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே அந்த இடைவெளி தெரியும். இதே காரணத்தால்தான் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டி அதன் மேல் மேட் ஒட்டுவது இருப்பதிலேயே மோசமான யோசனை. சில கடைக்காரர்கள் ‘டபுள் சேஃப்டி’ என்று சொல்லி அதையும் ஒட்டிவிடுகிறார்கள்!

‘க்’கின் புள்ளி விஷயத்துக்கு ஒரு கணக்கு. இந்தத் திரையில் அங்குலத்துக்கு 264 பிக்சல். நிமிர்த்திப் பிடித்தால் அகலம் சுமார் 158 மி.மீ., ஏ4 தாளோ 210 மி.மீ. அதனால் பக்கம் முக்கால் அளவுக்குச் சுருங்குகிறது. 9 பாயிண்ட் எழுத்து 7 பாயிண்டுக்கும் கீழே வந்துவிடும். அந்த அளவில் ‘க்’கின் புள்ளிக்கு மூன்று நான்கு பிக்சல்தான் கிடைக்கும், மேட் முதலில் விழுங்குவது அதைத்தான். உரிப்பதற்கு முன் டேபைப் படுக்கை வசமாகத் திருப்பி, பக்கத்தை அகலத்துக்கு நிரப்பிப் படித்துப் பாருங்கள். அப்போது எழுத்து தாளில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும். அதிலும் கண் உறுத்தினால் ஷீட்டை மாற்றத்தான் வேண்டும்.

செல்வம் சார் சொன்னதில் பாதி சரி. மேட் ஷீட்டால் டச் மந்தமாவதில்லை, விரல் உராய்வதால் கைக்கு அப்படித் தோன்றுகிறது. 9எச் என்பது பென்சில் கடினத்தன்மையின் அளவு. மணலில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, 9எச் கண்ணாடியிலும் கோடு போட்டுவிடும். பெங்களூரில் கட்டட வேலை நடக்காத தெரு எது சொல்லுங்கள், பையில் மணல் இருக்கத்தான் செய்யும்.

பென்சில்_பிரியா

நான் ஐபேட் ஏரில் மேட் ஷீட் போட்டு தினமும் மூணு மணி நேரம் வரைகிறேன். எழுத்து மங்கவே இல்லை. கிளாஸில் பென்சில் வழுக்கும், கையெழுத்து கோணலாகும். மேட்டை எடுக்காதீங்க.

திரைப்பட்டறை

உங்களுக்கு மங்காததும் அதே காரணத்தால்தான் பிரியா. ஏரிலும் 264 பிக்சல்தான், ஆனால் அது லேமினேட் செய்த திரை. ஷீட் படத்துக்குக் கிட்டே இருக்கிறது. வரைபவருக்கு மேட் வசதி என்பதை மறுக்கவில்லை. நுனி சீக்கிரம் தேயும், அதற்கு மாற்று நுனி கிடைக்கிறது.

ஜெயநகர்_மாணவி

படுக்கை வசத்தில் ‘க்’கின் புள்ளி தெரிகிறது, ஆனால் மினுக்கல் போகவில்லை. அப்போ கிளாஸ்தான். டியூப்லைட் திரும்ப வந்துவிடுமே?

திரைப்பட்டறை

வரும். சாதாரணக் கிளாஸ் பிரதிபலிப்பைக் குறைக்காது. மேட்டும் அந்த வெளிச்சத்தை அழிக்கவில்லை, பரப்பி விட்டது, அவ்வளவே. அதனால்தான் ஜன்னல் பக்கம் திரும்பினால் கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். டியூப்லைட்டுக்கு எளிய வழி ஸ்டாண்டின் சாய்வை மாற்றுவது. திரையை 10 டிகிரி சாய்த்தால் பிரதிபலிப்பு 20 டிகிரி நகரும். பெரும்பாலும் அதிலேயே டியூப்லைட் திரையை விட்டு வெளியே போய்விடும். ஜன்னல் பெரிய பரப்பு, அதற்குத் திரைச்சீலைதான்.

ஆன்டி ரிஃப்ளெக்டிவ் கிளாஸ் என்று கேட்டால் கடையில் தருவார்கள். டேபை அணைத்துவிட்டு அதில் டியூப்லைட்டைப் பாருங்கள். பூச்சு உண்மையில் இருந்தால் பிம்பம் மங்கி ஊதாவாகவோ பச்சையாகவோ தெரியும், பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் பேர் மட்டும்தான். நல்லதே கிடைத்தாலும் உங்கள் மாடலில் உள்ளே காற்று இடைவெளியில் நடக்கும் பிரதிபலிப்பு அப்படியே இருக்கும்.

டச் பற்றிய பயம் கிளாஸின் தடிமனால் வருவதில்லை. 0.33 மி.மீ. கிளாஸ் பொதுவாகத் தொல்லை தராது. ஓரத்தில் மட்டும் பசை உள்ள கிளாஸில்தான் நடுவில் காற்று நின்று டச் விட்டுவிட்டுப் போகும். முழுப் பரப்பிலும் பசை உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டியதும் கடையிலேயே ஒரு ஐகானை அழுத்திப் பிடித்து, மேலிருந்து கீழே வரிவரியாக மெதுவாக இழுங்கள். ஒரே இடத்தில் மறுபடி மறுபடி கை நழுவினால் அங்கே காற்று நிற்கிறது. பிறகு நோட்ஸில் அடிக்கோல் வைத்துப் பென்சிலால் சாய்வாக, விநாடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில் நாலு கோடு போடுங்கள். இதே கோட்டைப் பழைய ஷீட்டை உரித்ததும் வெறும் திரையிலும் போட்டு வைத்திருங்கள். அதிலும் அலை அலையாக வந்திருந்தால் கிளாஸ் மேல் பழி போட முடியாது.

சிவாஜிநகர்_செல்வம்

மேட்லயே நைஸான ரகம் இருக்கே, அதைப் போடலாமே?

திரைப்பட்டறை

போடலாம். கடையில் பிரித்த சாம்பிள் கேளுங்கள். போனில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ஷீட்டைப் போன் மேல் வைத்து மினுக்கலைப் பாருங்கள், பிறகு ஐந்து மி.மீ. தூக்கிப் பாருங்கள். தூக்கினாலும் எழுத்து ஓரளவு நின்றால் நைஸ் ரகம். ஆனால் நைஸாக ஆக ஆக டியூப்லைட்டும் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும், பென்சில் பிடிப்பும் குறையும். நாலு மணி நேரம் வாசிப்பு, அரை மணி நேரம் எழுத்து என்பவருக்கு நான் கிளாஸைத்தான் சொல்வேன்.

பென்சில்_பிரியா

அந்த அரை மணி நேரம் வழுக்குமே சார். காந்தத்தில் ஒட்டும் மேட் ஷீட் வந்திருக்கு, எழுதும்போது மட்டும் மேலே வைக்கலாம். அது எப்படி?

திரைப்பட்டறை

அது கிளாஸ் மேல் உட்கார்ந்தால் மறுபடி இடைவெளிதான், எழுத்து மங்கும். கணக்கு எழுத அந்தத் தெளிவு போதுமா என்பது அவரவர் கண்ணைப் பொறுத்தது. உள்ளே தூசி போனால் உடனே துடைக்க வேண்டும், இல்லையென்றால் பென்சில் அழுத்தத்தில் கிளாஸில் கீறல் விழும்.

ஜெயநகர்_மாணவி

சனிக்கிழமை போய் ஆன்டி ரிஃப்ளெக்டிவ் கிளாஸில் டியூப்லைட் நிறத்தைப் பார்த்துவிட்டு வாங்குகிறேன். மேட் ஷீட்டை உரித்துத் தூக்கிப் போடாமல் வைக்கலாமா, இல்லை மறுபடி ஒட்டாதா?

திரைப்பட்டறை

ஒட்டும், ஆனால் பசையில் தூசி ஏறியிருக்கும், குமிழ் போகாது. வைத்துப் பயனில்லை.